சிறியதை மேலே வைத்தால் வரிசை ஏன் தலைகீழாகிறது?

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுக்கும் மாணவர்களுக்கு அசைன்மென்டாக அடிக்கடி வரும் கேள்வி இது: "ஒரு மின்-ஹீப் எழுதுக. அதைப் பயன்படுத்தி, கொடுக்கப்பட்ட எண்களை ஹீப் சார்ட் முறையில் ஏறுவரிசையில் அடுக்குக." படிக்க எளிமையான இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தை அப்படியே செய்து முடித்துவிட்டு, பாடநூலில் உள்ள ஹீப் சார்ட்டைப் பின்பற்றினால், நிரல் பிழையில்லாமல் ஓடும். ஆனால் எண்கள் பெரியதிலிருந்து சிறியதாக வந்து நிற்கும். "சார், எல்லாம் கரெக்டாதான் இருக்கு, ஆனா தலைகீழா வருது" என்று லேபில் யாராவது ஒருவர் கை தூக்குவார். பக்கத்தில் இருப்பவர் எங்கோ ஒரு `<` குறியை `>` ஆக்கிப் பார்ப்பார். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் அதுவரை சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

இந்தத் தலைகீழ் வரிசை பிழையால் வருவதல்ல. மின்-ஹீப் எப்படி வேலை செய்கிறதோ, அதன் நேரடி விளைவு அது. அதைப் புரிந்துகொள்ள ஹீப்பை முதலில் கையால், தாளில், சில எண்களை வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டும்.

மினிமம் ஹீப் என்பதைத்தான் சுருக்கமாக மின்-ஹீப் என்கிறார்கள். அது ஒரு மரம். மேலே ஒரு எண், அதன் கீழே இரண்டு, அவை ஒவ்வொன்றின் கீழும் இரண்டு என்று விரியும். ஒவ்வொரு மட்டமும் முழுதாக நிரம்பிய பிறகே அடுத்த மட்டம் தொடங்கும். கடைசி மட்டம் இடப்பக்கத்திலிருந்து நிரம்பும். இதில் காக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: பெற்றோர் இடத்தில் உள்ள எண், தன் பிள்ளைகள் இருவரையும்விடப் பெரியதாக இருக்கக்கூடாது. பிள்ளைகள் இருவருக்குள்ளே யார் பெரியவர் என்பதைப் பற்றி விதி எதுவும் சொல்வதில்லை. மின்-ஹீப்பின் வேகமும், அது தரும் குழப்பமும் இந்த மௌனத்திலிருந்தே வருகின்றன.

மரம் என்று சொன்னாலும், பாயின்டர்களை வைத்துக் கிளை கிளையாகக் கட்டத் தேவையில்லை. மட்டம் மட்டமாக, இடமிருந்து வலமாக எண்களை ஓர் அர்ரேயில் எழுதினால் போதும். எண்ணிக்கையை 0-விலிருந்து தொடங்கினால், `i` என்ற இடத்தில் இருப்பவரின் இடப்பிள்ளை `2*i + 1`, வலப்பிள்ளை `2*i + 2`. பெற்றோரின் இடம் `(i-1)/2`. பல பாடநூல்கள் 1-லிருந்து எண்ணுகின்றன. அங்கே பிள்ளைகள் `2*i`, `2*i + 1` என்று வரும். அந்தச் சூத்திரத்தை அப்படியே சி மொழியின் அர்ரேயில் போட்டால், 0-வது இடத்தின் இடப்பிள்ளை 2×0, அதாவது அதுவே தனக்குப் பிள்ளையாகிவிடும். எந்தக் கணக்கை எடுத்தாலும் சரி, நிரல் முழுக்க அதே ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது 29, 14, 35, 8, 21, 3, 17 என்ற ஏழு எண்களை எடுத்துக்கொள்வோம். 29 உச்சியில் இருக்கிறது. அதன் பிள்ளைகள் 14, 35. 14-இன் பிள்ளைகள் 8, 21. 35-இன் பிள்ளைகள் 3, 17. விதி எல்லா இடத்திலும் மீறப்பட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய நமக்கு ஒரே ஒரு கருவி போதும். ஓர் எண்ணை எடுத்து, அதன் இரு பிள்ளைகளில் சிறியதோடு ஒப்பிட்டு, பிள்ளை சிறியதாக இருந்தால் இடம் மாற்றி, புதிய இடத்திலும் அதையே தொடர்ந்து செய்து, எண் தனக்குரிய இடத்தில் அமரும்வரை கீழே இறக்குவது. இதைக் கீழிறக்கம் என்போம்.

```c
void sift_down(int a[], int n, int i) {
    while (1) {
        int s = i, l = 2*i + 1, r = 2*i + 2;
        if (l < n && a[l] < a[s]) s = l;
        if (r < n && a[r] < a[s]) s = r;
        if (s == i) return;
        int t = a[i]; a[i] = a[s]; a[s] = t;
        i = s;
    }
}
```

இந்தக் கருவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த எண்ணைக் கீழிறக்குகிறோமோ, அதற்குக் கீழே உள்ள இரு கிளைகளும் ஏற்கெனவே ஒழுங்கான ஹீப்பாக இருக்க வேண்டும். அதனால்தான் கட்டும் வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்கிறோம். பிள்ளைகளே இல்லாத கடைசி மட்டத்து எண்கள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஹீப்தான். பிள்ளையுள்ள கடைசிப் பெற்றோர் `n/2 - 1` என்ற இடத்தில் இருப்பார். நம் ஏழு எண்களில் அது 2-வது இடம், அதாவது 35.

35-இன் பிள்ளைகள் 3, 17. சிறியது 3. இடம் மாற்றினால் 35 கீழே போய் நிற்கும். அடுத்து 1-வது இடத்து 14. பிள்ளைகள் 8, 21. அது 8-உடன் இடம் மாறும். கடைசியாக உச்சியில் உள்ள 29. இப்போது அதன் பிள்ளைகள் 8, 3. சிறியதான 3 மேலே வர, 29 வலக்கிளைக்கு இறங்குகிறது. அங்கே 35, 17 என்ற இரு பிள்ளைகள். 17 மேலே வர, 29 அடிமட்டத்தில் அமர்கிறது. அர்ரே இப்படி ஆகிறது:

```
3  8  17  14  21  35  29
```

இது ஒழுங்கான மின்-ஹீப். ஆனால் வரிசை அல்ல. 17-க்குப் பிறகு 14 வருகிறது. 35-க்குப் பிறகு 29. "ஹீப் கட்டியதும் வரிசையாகிவிட்டது" என்று எண்ணி அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முதலில் சிறியது நிற்பதையும், அடுத்தடுத்த எண்கள் ஓரளவு ஏறுவதையும் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. சில உள்ளீடுகளுக்கு உண்மையிலேயே வரிசையாகவும் வந்துவிடும். ஆனால் ஹீப் நமக்கு உறுதி தருவது முதல் இடத்தைப் பற்றி மட்டுமே. 14, 17 இருவரும் வேறு வேறு கிளைகளில் இருக்கிறார்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் யாரும் ஒப்பிடவே இல்லை.

கட்டும் திசையை மாற்றிப் பார்த்தால் அந்த நிபந்தனையின் கனம் தெரியும். 0-வது இடத்தில் தொடங்கி மேலிருந்து கீழாக அதே `sift_down`-ஐ ஓடவிடுவோம். 29 முதலில் 14-உடனும் பிறகு 8-உடனும் இடம் மாறி இறங்கும். அப்போது உச்சியில் நிற்பது 14. கடைசியாக 35-இன் முறை வந்து 3 ஒரு படி ஏறும்போது, உச்சியின் வேலை முடிந்துபோயிருக்கும். 14-க்குக் கீழே 8-உம் 3-உம் நிற்கும் ஓர் உடைந்த ஹீப் கிடைக்கும். 3 எங்கோ கீழே இருக்கும்போதே உச்சியை முடிவு செய்துவிட்டோம். பிறகு அது மேலே வர வழியே இல்லை.

மேலே உள்ள நிரலில் அதிகமாகப் பிழை வரும் வரி ஐந்தாவது. `a[r] < a[s]` என்பதற்குப் பதிலாக `a[r] < a[i]` என்று எழுதிவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டாவது வடிவம் வலப்பிள்ளையைப் பெற்றோரோடு மட்டுமே ஒப்பிடுகிறது. இடப்பிள்ளை அதைவிடச் சிறியதா என்று பார்ப்பதில்லை. நம் எண்களிலேயே பார்க்கலாம். 35-இன் பிள்ளைகள் 3, 17. 17 என்பது 35-ஐவிடச் சிறியது, ஆகவே 17 மேலே வரும். 3 அதற்குக் கீழே மாட்டிக்கொள்ளும். முழுவதும் ஓடி முடித்தால் கிடைப்பது இது:

```
17  8  3  14  21  29  35
```

உச்சியில் 17, அதன் கீழே 8-உம் 3-உம். எண்கள் ஏழும் பத்திரமாக இருக்கின்றன, நிரல் நின்றுவிடவில்லை, எச்சரிக்கையும் இல்லை. இடப்பிள்ளை எப்போதும் பெரியதாக இருக்கும் உள்ளீடு ஒன்றைச் சோதித்திருந்தால் இந்தப் பிழை வெளியே தெரிந்தே இருக்காது. பெற்றோர், இடம், வலம் மூன்று பேரில் யார் மிகச் சிறியவர் என்று கண்டுபிடித்து அதன் பிறகே இடம் மாற்ற வேண்டும். `s` என்ற மாறி அங்கே இருப்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இனி வரிசைப்படுத்தும் பகுதி. ஹீப் சார்ட்டின் அழகு, அது கூடுதல் அர்ரே எதுவும் கேட்பதில்லை என்பது. உச்சியில் இருக்கும் எண்ணை எடுத்து வைக்க ஓர் இடம் வேண்டும். அதை எடுத்ததும் ஹீப் ஒன்று குறைவதால், அர்ரேயின் கடைசி இடம் காலியாகும். ஆகவே உச்சியையும் கடைசியையும் இடம் மாற்றிவிட்டு, கடைசி இடத்தை ஹீப்பிலிருந்து விலக்கி, புதிதாக உச்சிக்கு வந்த எண்ணைக் கீழிறக்கினால் ஒரு சுற்று முடிந்தது.

```c
void heap_sort(int a[], int n) {
    for (int i = n/2 - 1; i >= 0; i--)
        sift_down(a, n, i);
    for (int end = n - 1; end > 0; end--) {
        int t = a[0]; a[0] = a[end]; a[end] = t;
        sift_down(a, end, 0);
    }
}
```

ஒவ்வொரு சுற்றிலும் அர்ரே எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இன்னும் உயிருடன் இருக்கும் ஹீப். வலப்பக்கம் வேலை முடிந்து ஒதுங்கியவை.

```
 3   8  17  14  21  35  29 |
 8  14  17  29  21  35 |  3
14  21  17  29  35 |  8   3
17  21  35  29 | 14   8   3
21  29  35 | 17  14   8   3
29  35 | 21  17  14   8   3
35 | 29  21  17  14   8   3
```

தலைகீழ் வரிசைக்கான காரணம் இந்த ஏழு வரிகளில் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. மின்-ஹீப்பின் உச்சியில் இருப்பது எப்போதும் மிகச் சிறிய எண். முதல் சுற்றில் காலியாகும் இடமோ அர்ரேயின் கடைசி. ஆகவே மிகச் சிறியது கடைசிக்குப் போகிறது. அடுத்த சிறியது அதற்கு முந்தைய இடத்துக்கு. முன்பக்கம் ஹீப் குடியிருப்பதால் அங்கே எதையும் வைக்க முடியாது. 3-ஐ 0-வது இடத்திலேயே விட்டுவிட்டு, 1-வது இடத்திலிருந்து ஹீப் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் முயல்வார்கள். அப்படி நகர்த்தியதும் பெற்றோர்-பிள்ளைக் கணக்கு முழுவதும் மாறிவிடும். முதலில் 0-வது இடத்தின் பிள்ளைகளாக இருந்த 8-உம் 17-உம் இப்போது பெற்றோரும் பிள்ளையும் ஆகிவிடுவார்கள். மீதியெல்லாமும் அப்படியே குலையும். ஒவ்வொரு சுற்றிலும் ஹீப்பை முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும், வேகம் போய்விடும்.

வரலாற்றிலும் இந்தத் திருப்பம் நடந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஹீப் சார்ட்டை 1964-இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம் இதழில் 232-வது அல்காரிதமாக வெளியிட்டவர் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ். அவர் வரையறுத்த ஹீப்பில் உச்சியில் நின்றது சிறிய எண்தான். அதே ஆண்டில், அதே இதழில், 245-வது அல்காரிதமாக ராபர்ட் ஃபிளாய்ட் தன் வடிவத்தை வெளியிட்டார். அதில் பெரியது உச்சிக்கு வந்தது. பெரியது உச்சியில் இருந்தால் முதல் சுற்றில் கடைசி இடத்துக்குப் போவது பெரியதுதான்; அதே அர்ரேயில் ஏறுவரிசை தானாக அமைந்துவிடுகிறது. இன்று பாடநூல்களில் ஹீப் சார்ட் என்றாலே மேக்ஸ்-ஹீப் வருவதற்குக் காரணம் இதுவே. பிரயாரிட்டி கியூ பகுதியில் மின்-ஹீப்பையும், அடுத்த பகுதியில் மேக்ஸ்-ஹீப்பை வைத்து ஹீப் சார்ட்டையும் படித்துவிட்டு, அசைன்மென்டில் இரண்டையும் சேர்க்கும்போதுதான் மாணவர் தடுமாறுகிறார்.

அப்படியானால் "மின்-ஹீப் கொண்டு ஏறுவரிசை" என்ற கேள்விக்கு என்ன செய்வது? கேள்வித்தாள் என்ன கேட்கிறது என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். `insert`, `delete_min` போன்ற செயல்களோடு ஒரு முழு மின்-ஹீப்பை எழுதச் சொல்லி, பிறகு அதைப் பயன்படுத்தி வரிசைப்படுத்தச் சொன்னால், இரண்டாவது அர்ரே எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி. `delete_min` தரும் எண்களை ஒவ்வொன்றாக அதில் நிரப்பினால் 3, 8, 14, 17, 21, 29, 35 என்று ஏறுவரிசை வரும். விலை, `n` எண்களுக்கான கூடுதல் நினைவகம். இதை எழுதுகிறவர் "இன்-பிளேஸ்" என்று ரெக்கார்டில் குறிப்பிடக் கூடாது, அவ்வளவே.

கூடுதல் அர்ரே கூடாது, ஆனால் மின்-ஹீப்தான் வேண்டும் என்று கேள்வி சொன்னால், மேலே செய்தபடி இறங்குவரிசை வரவிட்டு, முடிவில் அர்ரேயை ஒருமுறை திருப்பிவிடலாம். அதற்கு `n/2` இடமாற்றங்கள் போதும். வரிசைப்படுத்த ஆன வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஹீப்பின் வகையைக் கேள்வி நம்மிடமே விட்டிருந்தால் மேக்ஸ்-ஹீப்புக்கு மாறிவிடுவதே சிறந்தது. அப்போது `sift_down`-இல் எண்களை எண்களோடு ஒப்பிடும் இரண்டு `<` குறிகளையும் மாற்ற வேண்டும். `l < n`, `r < n` என்பவை எல்லை பார்ப்பவை. அவற்றைத் தொடக் கூடாது. இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் மின்-ஹீப்பும் இல்லாமல் மேக்ஸ்-ஹீப்பும் இல்லாமல் ஒரு கலவை உருவாகும். நான் முதல் பத்தியில் சொன்ன மாணவர் சிக்கியது அங்கேதான்.

இன்னொரு பிழையைத் தனியாக விவரிக்க வேண்டும், ஏனென்றால் அது ஆளை ஏமாற்றும். வரிசைப்படுத்தும் லூப்பில் `sift_down(a, end, 0)` என்பதற்குப் பதில் `sift_down(a, n, 0)` என்று எழுதிவிடுவது. அதாவது ஒதுக்கி வைத்த எண்களையும் ஹீப்பின் உறுப்பினராகவே எண்ணிக்கொள்வது. நம் ஏழு எண்களில் முதல் இரண்டு சுற்றுகள் அச்சு அசலாகச் சரியாக வரும். ஏனென்றால் கீழிறங்கும் எண் இரண்டு முறையும் இடக்கிளையிலேயே போகிறது. ஒதுங்கிய 3-உம் 8-உம் இருப்பது வலக்கிளையின் அடியில். மூன்றாவது சுற்றில் 35 வலக்கிளைக்கு இறங்குகிறது. அங்கே 8, 3 இரண்டும் பிள்ளைகளாகக் கண்ணில் பட, ஒதுக்கி வைத்திருந்த 3 மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. எல்லாச் சுற்றும் முடிந்ததும் திரையில் தெரிவது:

```
3  14  8  17  21  29  35
```

இறங்குவரிசை வர வேண்டிய நிரலில் கிட்டத்தட்ட ஏறுவரிசை! 14-உம் 8-உம் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. கேள்வியும் ஏறுவரிசை கேட்டிருப்பதால், "ஏறக்குறைய வந்துவிட்டது, கடைசியில் ஏதோ ஒரு சின்ன திருத்தம்தான் பாக்கி" என்று மாணவர் நம்பிவிடுவார். பிறகு மணிக்கணக்கில் 14-ஐயும் 8-ஐயும் துரத்திக்கொண்டிருப்பார். உண்மையில் அது வரிசையே அல்ல. ஒதுக்கியதையெல்லாம் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்ட ஒரு ஹீப், தற்செயலாக வரிசைபோலத் தோற்றமளிக்கிறது.

இப்படிப்பட்ட பிழைகளை இறுதி விடையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். நடுவில் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து வரி போதும்:

```c
int is_min_heap(int a[], int n) {
    for (int i = 1; i < n; i++)
        if (a[(i-1)/2] > a[i]) return 0;
    return 1;
}
```

ஹீப் கட்டி முடித்ததும் `is_min_heap(a, n)` என்று ஒருமுறை. வரிசைப்படுத்தும் லூப்பில் ஒவ்வொரு கீழிறக்கத்துக்குப் பிறகும் `is_min_heap(a, end)` என்று ஒருமுறை. மேலே சொன்ன பிழையில் முதல் இரண்டு சுற்றுக்கு 1 வரும், மூன்றாவதில் 0 வரும். பிழை பிறந்த இடம் அதே வரியில் பிடிபட்டுவிடும். வலப்பிள்ளைப் பிழையும், மேலிருந்து கட்டும் பிழையும் ஹீப் கட்டிய உடனேயே 0 காட்டிவிடும். சோதனைக்குக் கொடுக்கும் எண்களிலும் கவனம் வேண்டும். ஒரே ஒரு எண், இரண்டே எண்கள், எல்லாம் ஒரே எண் ஆகியவற்றைக் கட்டாயம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும்போது உச்சிக்கு இடப்பிள்ளை மட்டும்தான் உண்டு. `r < n` என்ற எல்லைச் சோதனையை மறந்திருந்தால் அர்ரேக்கு வெளியே கை நீளும். சி மொழி அதைத் தடுக்காது. அங்கே கிடக்கும் ஏதோ ஒரு குப்பை எண் வரிசைக்குள் வந்து சேரும். தெரியாத ஓர் எண் விடையில் முளைத்திருந்தால் முதலில் எல்லைகளைத்தான் பார்க்க வேண்டும்.

`insert` எழுதும்போது வேலை எதிர்த்திசையில் நடக்கும். புதிய எண்ணைக் கடைசியில் வைத்து, பெற்றோரைவிடச் சிறியதாக இருக்கும்வரை மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இதில் உச்சியை அடைந்ததும் நிற்க வேண்டும் என்பதைப் பலர் எழுத மறப்பார்கள். சி மொழியில் `int` பயன்படுத்தினால் அந்த மறதி தப்பித்துவிடும்: `(0-1)/2` என்பதன் மதிப்பு 0, உச்சி தன்னைத் தானே ஒப்பிட்டுக்கொண்டு நின்றுவிடும். அதே நிரலைப் பைத்தானில் எழுதினால் கதை வேறு. அங்கே `(0-1)//2` என்பது -1. பைத்தானில் -1 என்ற இடம் அர்ரேயின் கடைசி உறுப்பைக் குறிக்கும்.

```python
while a[(i-1)//2] > a[i]:
    p = (i-1)//2
    a[p], a[i] = a[i], a[p]
    i = p
```

8 மட்டும் இருக்கும் ஹீப்பில் 3-ஐச் சேர்த்துப் பாருங்கள். 3 கடைசியில் அமர்கிறது, 8-ஐவிடச் சிறியதால் உச்சிக்கு ஏறுகிறது. இப்போது அதன் பெற்றோர் என்று நிரல் தேடுவது -1-வது இடத்தை, அதாவது கீழே இறங்கிய அதே 8-ஐ. 8 பெரியது, ஆகவே மறுபடி இடமாற்றம். 3 மீண்டும் அடிக்கே வந்துவிடுகிறது. மிகச் சிறிய எண் உச்சிக்குப் போய்ப் போய்த் திரும்பும்; பிழைச் செய்தி ஒன்றும் வராது. `while i > 0 and ...` என்று தொடங்கினால் போதும்.

ஹீப்பை `insert` மூலம் ஒவ்வொன்றாகக் கட்டுவதா, கீழிருந்து `sift_down` மூலம் கட்டுவதா என்று வைவாவில் கேட்பார்கள். இரண்டாவது முறை ஃபிளாய்டுடையது. 10 லட்சம் எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மரம் 20 மட்டம் வரும். எண்கள் பெரியதிலிருந்து சிறியதாக வந்தால், `insert` முறையில் ஒவ்வொரு எண்ணும் அடியிலிருந்து உச்சிவரை ஏற வேண்டும். மொத்தம் சுமார் 1 கோடியே 80 லட்சம் இடமாற்றங்கள். மரத்தில் பெரும்பாலான எண்கள் அடிமட்டத்தில்தான் இருக்கின்றன, அவைதான் அதிக தூரம் ஏற வேண்டியவை. ஃபிளாய்டின் முறையில் அதே அடிமட்டத்துக்காரர்கள் ஐந்து லட்சம் பேருக்கு வேலையே இல்லை. அவர்களுக்கு மேலே உள்ள இரண்டரை லட்சம் பேர் அதிகபட்சம் ஒரு படி இறங்குவார்கள், அடுத்த ஒன்றேகால் லட்சம் பேர் இரண்டு படி. அதிக தூரம் இறங்கக்கூடியவர் உச்சியில் இருக்கும் ஒரே ஒருவர். எல்லாவற்றையும் கூட்டினால் 10 லட்சத்தைத் தாண்டாது. ஆகவேதான் கட்டும் வேலை `O(n)` என்கிறோம். ஆனால் அதன் பிறகு எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை `O(n log n)` ஆகவே இருப்பதால், மொத்த ஹீப் சார்ட்டும் `O(n log n)`தான். உள்ளீடு எவ்வளவு மோசமாக வந்தாலும் அதற்கு மேல் போகாது என்பதே இதன் பலம். குயிக் சார்ட் சாதாரணமாக இதைவிட வேகமாக ஓடும், ஆனால் சில உள்ளீடுகளில் `n`-இன் வர்க்கத்துக்குப் போய்விடும். 1997-இல் டேவிட் முஸ்ஸர் வெளியிட்ட இன்ட்ரோசார்ட், குயிக் சார்ட்டில் தொடங்கி, அது ஆழமாகச் சிக்கும் அறிகுறி தெரிந்ததும் ஹீப் சார்ட்டுக்கு மாறிக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலின் `lib/sort.c` கோப்பிலும் இருப்பது ஹீப் சார்ட்தான். கூடுதல் நினைவகமும் ரிகர்ஷனும் வேண்டாத இடம் அது.

சம எண்கள் வரும்போது ஹீப் சார்ட் அவற்றின் முன்பின் வரிசையைக் காப்பாற்றுமா என்பது வைவாவின் மற்றொரு வழக்கமான கேள்வி. காப்பாற்றாது. காட்டுவதற்கு இரண்டு உறுப்புகள் போதும். ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு மாணவர்கள், முதலில் வரிசை எண் 1, பிறகு வரிசை எண் 2 என்று அர்ரேயில் இருக்கட்டும். இருவரும் சமம் என்பதால் ஹீப் கட்டும்போது எதுவும் நகராது. வரிசைப்படுத்தும் லூப்பின் முதல் சுற்றிலேயே உச்சியும் கடைசியும் இடம் மாறும். வரிசை எண் 2 முன்னே வந்துவிடும். மதிப்பெண் பட்டியலை ஹீப் சார்ட்டில் அடுக்கச் சொல்லும் அசைன்மென்டில் இது விடையைப் பாதிக்கும். அங்கே மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடாமல், மதிப்பெண் சமமாக இருந்தால் வரிசை எண்ணையும் ஒப்பிடும்படி ஒரு தனி ஃபங்ஷன் எழுதி, `sift_down`-இன் அந்த இரண்டு வரிகளிலும் `<` குறிக்குப் பதிலாக அதை அழைக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால் எந்த இரண்டு மாணவரும் சமமாக இருக்க மாட்டார்கள். மின்-ஹீப்புக்கும் மேக்ஸ்-ஹீப்புக்கும் இடையே மாறுவதற்கும் அந்த ஒரு ஃபங்ஷனை மாற்றினால் போதும்.